வாழைக் கணக்கைத் தாரிலிருந்து தொடங்குங்கள்

காஞ்சிபுரம் பக்கத்தில் புதிதாக வாழை வைக்க நினைப்பவர் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு என்ன செலவாகும்?" என்பதுதான். பக்கத்துத் தோட்டக்காரரும் ஒரே மூச்சில் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார். அந்தத் தொகை பெரும்பாலும் கன்று, உரம், களை ஆகிய மூன்றையும் கூட்டியதாக இருக்கும். முட்டுக் கொடுக்கும் செலவும் சந்தைக்குக் கொண்டுபோகும் வண்டி வாடகையும் அதில் இருக்காது. இவை இரண்டும் கடைசி நான்கு மாதத்தில், கையில் இருந்த பணம் தீர்ந்த பிறகு வந்து நிற்பவை. அப்போது கடன் வாங்கி முட்டுக் கொடுப்பதா, காற்றை நம்பி விட்டுவிடுவதா என்ற நிலைக்கு விவசாயி வந்துவிடுகிறார்.

நெல்லுக்கு மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் ஆண்டுதோறும் உற்பத்திச் செலவைக் கணக்கிடுகிறது. அதன் பரிந்துரையின் பேரில் ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது. வாழைக்கு ஆதரவு விலை கிடையாது. எந்த விலைக்குக் கீழே விற்றால் நட்டம் என்பதை ஒவ்வொரு விவசாயியும் தானே கணக்கிட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு ஏக்கர் கணக்கு மட்டும் உதவாது. சந்தைக்குப் போய்ச் சேரும் ஒரு தாருக்கு என்ன அடக்கவிலை என்பதுதான் வேண்டும்.

ஒரு ஏக்கர் பூவன் வாழையை எடுத்துக்கொள்வோம். கீழே சொல்லும் கூலியும் விலையும் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆண் ஆளுக்கு 700 ரூபாய், பெண் ஆளுக்கு 400 ரூபாய் கூலி என்று வைப்போம்.

ஏழு அடிக்கு ஏழு அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 889 குழி. ஆறு அடியாகக் குறைத்தால் 1,210 குழி. குழி கூடினால் தார் கூடும் என்று நெருக்கி நடுபவர்கள், கன்றும் உரமும் முட்டும் அதே அளவுக்குக் கூடும் என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும். நெருக்கத்தில் தார் சிறுத்தால் வியாபாரி அதை இரண்டாம் தரமாக ஒதுக்கிவிடுவார். பூவனுக்கு ஏழு அடியே சரியான அளவு.

கன்று வாங்கும்போது வாடிப்போகும் குழிகளுக்கென்று ஐந்து சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். அதாவது சுமார் 935 கன்று. தோண்டுகூலியும் வண்டியும் சேர்த்துக் கன்று 12 ரூபாய் என்றால் 11,200 ரூபாய். நடவுக்கூலி 3,000 சேர்த்து 14,200. இங்கே இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஏமாறுபவர்கள் உண்டு. இலை குறுகி ஈட்டிபோல நிற்கும், ஒன்றரை முதல் இரண்டு கிலோ கிழங்குள்ள கன்றுதான் வேண்டும். அகன்ற இலையோடு இருக்கும் நீர்க்கன்று பார்வைக்குச் செழிப்பாகத் தெரியும். கிழங்கில் பலம் இருக்காது. நடுமுன் கிழங்கின் வேரையும் அழுகலையும் சீவும்போது உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும். சுரங்கம்போல ஓட்டை தெரிந்தால் கூன்வண்டு புகுந்திருக்கிறது. செம்பழுப்பு நிறத்தில் புள்ளியோ வளையமோ தெரிந்தால் வாடல் நோய் என்று சந்தேகப்பட்டு அந்தக் கன்றை ஒதுக்கிவிட வேண்டும். ஏழாம் மாதம் சாயும் ஒரு வாழை 12 ரூபாய் நட்டத்தோடு போவதில்லை. அதுவரை அதற்கு வைத்த உரம், விட்ட தண்ணீர், கொடுத்த கூலி என்று நூறு ரூபாய்க்கு மேல் கொண்டுபோய்விடுகிறது.

உழவுக்கும் குழி எடுப்பதற்கும் 15,000 ரூபாய் வைப்போம். உரத்தில் பலரும் யூரியாவைத்தான் நினைக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி தோட்டக்கால் வாழைக்கு ஒரு மரத்துக்குத் தழைச்சத்து 110 கிராம், மணிச்சத்து 35 கிராம், சாம்பல்சத்து 330 கிராம் வேண்டும். இதை மூட்டையாக மாற்றினால் ஏக்கருக்கு யூரியா ஐந்து மூட்டை, சூப்பர் பாஸ்பேட் நான்கு மூட்டை, பொட்டாஷ் பத்து மூட்டை வரும். மானிய விலையில் கிடைக்கும் யூரியா முழுவதற்கும் 1,400 ரூபாய்கூட ஆகாது. பொட்டாஷ் மூட்டை 1,600 என்றால் அதற்கு மட்டும் 16,000. எனவேதான் பொட்டாஷில் கைவைக்கிறார்கள். காய் பருப்பதற்கும் எடை பிடிப்பதற்கும் அதுதான் வேண்டும் என்பதால், அங்கே குறைத்த பணம் சந்தையில் தாரின் எடையில் குறைகிறது. தொழுஉரம் நான்கு டிராக்டர் லோடையும் சேர்த்து உரச் செலவு 31,500 ரூபாய்.

தண்ணீர்ச் செலவை எழுதாமல் விடுவது நம் வழக்கம். விவசாய மின்இணைப்பு இருப்பவருக்கு மின்சாரம் இலவசம். அதனால் தண்ணீரும் இலவசம் என்று நினைத்துவிடுகிறோம். வாய்க்கால் வழியாகப் பாய்ச்சினால் வாரம் ஒரு தண்ணீர். பாலாற்றுப் படுகையிலோ ஏரிக் கீழோ கிணறு இருப்பவர் மழை நாட்களைக் கழித்தால் ஒரு பயிருக்கு முப்பத்தைந்து முறையாவது பாய்ச்சுவார். ஒவ்வொரு முறையும் மடை மாற்றி நிற்கும் ஆளுக்கு அரை நாள். அது வீட்டு ஆளாக இருந்தாலும் பதினேழு, பதினெட்டு ஆள் கூலி, 12,250 ரூபாய். மோட்டார் பழுதுக்கு 3,000 சேர்த்தால் 15,250. சொட்டுநீர் போட்டிருப்பவருக்கு இந்த ஆள் கூலியில் பெரும்பகுதி மிச்சம். குலை தள்ளிய மரத்துக்கு நாளைக்கு 25 லிட்டர் வீதம் ஏக்கருக்கு இருபத்திரண்டாயிரம் லிட்டர்தான் வேண்டும்; சில மணி நேர ஓட்டத்தில் முடிந்துவிடும். சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் இருப்பதால் இதைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. டீசல் எஞ்சினிலோ விலைக்கு வாங்கும் தண்ணீரிலோ வாழை வைப்பவர், அந்தச் செலவைத் தனியாக எழுதிப் பார்த்த பிறகே கன்றுக்கு முன்பணம் கொடுப்பது நல்லது.

களை, மண் அணைப்பு, பக்கக் கன்று அறுப்பு, காய்ந்த இலை கழிப்பு, உரம் வைப்பது எல்லாமாகப் பெண்கள் நாற்பது ஆள், ஆண்கள் பதினைந்து ஆள் என்றால் 26,500 ரூபாய். இந்த மாவட்டத்தில் கூலியைவிட ஆள் கிடைப்பதே சிரமமாக இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனி வேன்கள் காலை ஆறு மணிக்கே ஊருக்குள் வந்துவிடுகின்றன. பயிர் பாதுகாப்புக்கு 5,000, நிலத்தின் குத்தகை மதிப்பும் போட்ட பணத்துக்கு வட்டியுமாக 18,000 வைப்போம். சொந்த நிலம்தானே என்று குத்தகையை விடக் கூடாது; வேறொருவருக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய பணம் அது.

இனி முட்டு. பூவனும் ரஸ்தாளியும் உயரமாக வளர்ந்து, தாரின் பாரத்தில் ஒருபக்கமாகச் சாய்பவை. நம் பகுதிக்கு முட்டு என்றால் சவுக்குக் கழிதான். செய்யூர், மரக்காணம் பக்கத்திலிருந்து வருகிறது. கழி 60 ரூபாய் என்றால் 889 மரத்துக்கு 53,340 ரூபாய். நட்டுக் கட்டும் கூலி, கயிறு எல்லாம் மரத்துக்கு 8 ரூபாய் வீதம் 7,100. ஆக முதல் ஆண்டில் கையிலிருந்து போவது அறுபதாயிரத்துக்கு மேல். ஆனால் மண்ணில் புதையும் அடிப்பாகம் செல்லரித்தோ மக்கியோ போகும்வரை கழியைத் திரும்பப் பயன்படுத்தலாம். அறுவடை முடிந்ததும் பிடுங்கி, நிழலில் நிறுத்தி வைப்பவருக்கு மூன்று பயிர் வரை வரும். அப்படிப் பார்த்தால் ஒரு பயிருக்குக் கழியின் பங்கு 17,800. கூலியும் கயிறும் சேர்த்து 24,900. கணக்கில் எழுத வேண்டியது 24,900, எட்டாம் மாதம் கையில் இருக்க வேண்டியது 60,000. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் தை மாதத்தில் விற்கப்போகும் வாழைக்கு ஐப்பசியில் கழி வாங்கப் பணம் இல்லாமல் போகிறது.

முட்டு வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது நடவு மாதம். காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாள் பட்டுக்கடைக்கும் வாழைத் தோட்டத்துக்கும் ஒன்றுதான். மார்கழி கழிந்து தை பிறந்தால் பொங்கலும் கல்யாணமும் சேர்ந்து வருவதால் தாருக்குக் கிராக்கி. அதைக் குறிவைத்து ஜனவரியில் நட்டால், பூவன் ஒன்பதாம் மாதமான அக்டோபரில் குலை தள்ளி, அடுத்த ஜனவரி, பிப்ரவரியில் வெட்டுக்கு வரும். இடைப்பட்ட மூன்று மாதமும் அது புயல் காலத்தில் தாரோடு நிற்கிறது. வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. நிவர் புயல் 2020 நவம்பர் 25 இரவு. மாமல்லபுரம் அருகே மாண்டஸ் கரையேறியது 2022 டிசம்பர் 9 இரவு. மூன்றும் அந்த மூன்று மாதத்துக்குள்தான். ஆனி, ஆடியில் நட்டால் குலை தள்ளுவது பங்குனி, சித்திரையில். அப்போதும் கோடை மழைக் காற்று உண்டு. ஆனால் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும், மண்ணும் நாள்கணக்கில் ஊறிக் குழைந்திருக்காது. தை விலைக்கு ஆசைப்படுபவர் முட்டுச் செலவையும் சேர்த்தே ஆசைப்பட வேண்டும்.

முட்டுக்குப் போட்ட பணம் திரும்புமா என்றும் கணக்குப் போடலாம். ஒரு தார் விற்று, வண்டியும் கமிஷனும் போகக் கைக்கு 230 ரூபாய் வருகிறது என்று வைப்போம். 24,900 ரூபாய்க்கு 108 தார். முட்டு இல்லாத தோட்டத்தில் கூடுதலாக 108 மரம் சாய்ந்தால், அதாவது எட்டில் ஒரு மரம் சாய்ந்தால், மிச்சம் பிடித்தது முழுவதும் போய்விட்டது. புயல் வேண்டாம், ஐப்பசியில் நாலு நாள் அடைமழையும் ஓர் இரவுக் காற்றும் சேர்ந்தாலே அவ்வளவு சாய்வதை விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். அரசு நிவாரணத்தை நம்புவதும் சரியாகாது. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிமுறையில் பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். பெரிய தொகையையே எடுத்தாலும் ஏக்கருக்கு 9,100தான் வரும்.

கழி வாங்கினால் மட்டும் போதாது. மழைக்குப் பின் தோட்டத்தைச் சுற்றிவந்து மரத்தடியைப் பாருங்கள். சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்துப் பிளந்திருந்தால் வேர் பிடி விட்டிருக்கிறது. அந்த மரத்துக்கு அன்றே மண் அணைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். கழியைச் சாயும் பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, தாரின் கழுத்துக்குக் கீழே தண்டைத் தாங்கும்படி கட்ட வேண்டும். மெல்லிய கயிற்றை இறுக்கினால் அது தண்டை அறுத்து, காற்றில் அந்த இடத்திலேயே முறியும். வேரோடு சாயாமல் கிழங்கோரத்தில் முறியும் மரங்கள் அதிகம் இருந்தால் பழியைக் காற்றின்மேல் போட வேண்டாம். கிழங்கை வெட்டிப் பாருங்கள், கூன்வண்டு குடைந்திருக்கும். வடிகால் எடுக்காத தோட்டத்தில் எத்தனை முட்டுக் கொடுத்தாலும் மரம் கழியோடு சேர்ந்தே சாயும்.

இதுவரை எழுதியதைக் கூட்டினால் வெட்டுக்கு முன்பு ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். 889 குழியால் வகுத்தால் தாருக்கு 169 ரூபாய் வரும். பெரும்பாலோர் இங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் 889 தார் எந்தத் தோட்டத்திலும் வெட்டப்படுவதில்லை. நோயில் போனது, பிந்தி நட்டதால் சிறுத்தது, முட்டையும் மீறிச் சாய்ந்தது எல்லாம் கழித்து 750 தார் விற்பனைக்குத் தேறும் என்று வைத்தால், தாருக்கு 200 ரூபாய். இதுதான் தோட்டத்து அடக்கவிலை.

தோட்டத்துக்கே வந்து வெட்டிக்கொள்ளும் வியாபாரி இருந்தால் கணக்கு இங்கே முடியும். 200க்குமேல் கொடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். நாமே கொண்டுபோவதானால் வெட்டிச் சாலை வரை சுமக்கத் தாருக்கு 12 ரூபாய், மண்டியில் இறக்குகூலி 5 ரூபாய். வண்டி வாடகைதான் முக்கியம். சிறிய சரக்கு வண்டியில் 15 கிலோ தார் ஐம்பது ஏற்றலாம். காஞ்சிபுரம் மண்டிக்கு வாடகை 1,200 என்றால் தாருக்கு 24 ரூபாய். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோயம்பேட்டுக்கு 3,500 என்றால் 70 ரூபாய். கமிஷன் பத்து சதவீதம் என்று வைத்தால், காஞ்சிபுரத்தில் 268 ரூபாய்க்கும் கோயம்பேட்டில் 319 ரூபாய்க்கும் விற்றால்தான் அசல் வரும். கோயம்பேட்டு விலை ஐம்பது ரூபாய் அதிகம் என்று போனில் கேட்டுவிட்டு வண்டி ஏற்றுபவருக்கு உண்மையில் ஒன்றும் மிஞ்சவில்லை, அலைச்சல்தான் மிச்சம்.

அதுவும் வண்டி நிறைந்திருந்தால்தான். வாழை நெல்போல ஒரே நாளில் அறுக்கும் பயிர் இல்லை. தார்கள் ஆறு, ஏழு வாரம் விட்டுவிட்டு முற்றும். இருபத்தைந்து தாரோடு அதே வண்டி கோயம்பேட்டுக்குப் போனால் வாடகை தாருக்கு 140. அசல் விலை 397 ஆகிவிடும். வேறெந்தத் தவறும் இவ்வளவு சீக்கிரம் லாபத்தைத் தின்பதில்லை. பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றுவது, ஒரே வயதுக் கன்றாகத் தேர்ந்து ஒரே வாரத்தில் நட்டு வெட்டை நெருக்கிக்கொள்வது, இரண்டும் செலவில்லாத வழிகள். மறுதாம்பு விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கன்றும் குழியும் நடவும் மிச்சமாவதால் மறுதாம்பில் இருபத்தொன்பதாயிரம் குறைகிறது. ஆனால் பக்கக் கன்றுகளை ஒரே சமயத்தில் விடாவிட்டால் வெட்டு மாதக்கணக்கில் சிதறி, மிச்சமானதெல்லாம் வண்டி வாடகையில் போய்விடும்.

கோயில் ஊரில் வாழைக்குத் தாரைத் தவிரவும் விலை உண்டு. இலைக்கு ஓட்டல்களும் கல்யாண மண்டபங்களும் இருக்கின்றன. ஆனால் தாருக்கென்று வைத்த மரத்தில் இலை அறுத்து விற்ற காசை லாபமாக எழுதக் கூடாது. இலை குறைந்தால் காய் பருக்காது. இலைக்கென்று வைப்பதானால் அது தனித் தோட்டம், தனிக் கணக்கு. பந்தலில் கட்டத் தாரோடு வாங்கும் வாழைமரம் வேறு. முகூர்த்தத்துக்கு முன் அடியோடு வெட்டிக் கொடுக்கும் மரத்துக்கு முட்டும் கமிஷனும் மிச்சம். தோட்டத்து அடக்கவிலைக்குமேல் கிடைத்தால் கொடுக்கலாம். ஓரத்தில் சாய்ந்து நிற்பவற்றையும் வண்டிப் பாதைக்கு அருகில் இருப்பவற்றையும் அதற்கு ஒதுக்குவது உத்தமம்.

ஏக்கருக்கு எவ்வளவு பயிர்க்கடன் தரலாம் என்பதை மாவட்டந்தோறும் தொழில்நுட்பக் குழு தீர்மானிக்கிறது. அந்தக் குழு வாழைக்குச் செலவு எழுதும்போது முட்டுக்கும் சந்தைக்குக் கொண்டுபோவதற்கும் தனித்தனி வரி போட வேண்டும். முட்டுக்கான தொகையை நடவின்போது மொத்தத்தோடு தராமல், குலை தள்ளும் முன் எட்டாம் மாதத்தில் இரண்டாம் தவணையாக விடுவிக்க வேண்டும். நடவின்போதே வரும் பணம் உரத்திலும் வீட்டுச் செலவிலும் கரைந்துவிடுகிறது. தோட்டக்கலைத் துறையின் உதவி அலுவலர்கள் வயலுக்குப் போகும்போது குழியின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்ளாமல், சென்ற பயிரில் எத்தனை தார் வெட்டினார், எத்தனை வண்டி போனது என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் இந்தக் குழுவுக்குச் சரியான எண்கள் கிடைக்கும். சவுக்குக் கழிகளைக் கூட்டுறவு சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ ஆவணியிலேயே மொத்தமாக வாங்கி வைத்து, பயிருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடலாம். புயல் எச்சரிக்கை வந்த பிறகு கழி தேடிப் போனால், 60 ரூபாய்க் கழி அந்த விலைக்குக் கிடைக்காது. கட்ட ஆளும் கிடைக்காது.